மேலத்தெருவில் தண்ணீர், கோயில் தெருவில் அடைப்பு

மழை இரவில் வாய்க்கால் அடைப்பை எப்படித் தேடுவது என்று புதிதாகப் பணிக்கு வந்த துப்புரவு மேற்பார்வையாளர்கள் இருவர் என்னிடம் கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பட்டியல் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒவ்வொரு அறிகுறியும் எனக்கு ஏதோ ஓர் இரவோடு ஒட்டிக்கொண்டுதான் நினைவில் இருக்கிறது. ஆகவே நான் தவறு செய்த ஓர் ஐப்பசி இரவையே எடுத்துக்கொள்கிறேன். எதைப் பார்த்தோம், அதற்கு என்ன பொருள், என்ன செய்தோம் என்று அந்த இரவு போன போக்கிலேயே எழுதுகிறேன்.

ஊர் காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தூரம். பெயர் வேண்டாம். செட்டிநாட்டில் எந்த ஊரை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நூல் பிடித்தாற்போல் தெருக்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வீட்டுக்கு அடியில் ஓடும் கல் வாய்க்கால் வழியாகத் தெரு வாய்க்காலுக்கு வந்து, கடைசியில் ஊருணியைச் சேரும். வற்றாத ஆறு இல்லாத பூமியில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று கட்டியவர்கள் அவர்கள். இப்போது அதே வாய்க்காலில்தான் குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் ஓடுகின்றன. அதனால் எங்கள் ஊரில் ஊருணி வாயிலேயே வாய்க்காலைத் திருப்பி, கரையைச் சுற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள்.

மேற்கில் மேலத்தெரு, அதற்குக் கிழக்கே நடுத்தெரு, பிறகு கோயில் தெரு, கடைசியில் ஊருணிக்கரைத் தெரு. சரிவு இதே வரிசையில். இந்த நான்கு பெயர்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அன்று என்னுடன் தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேர், சரக்கு ஆட்டோ ஒன்று. கடப்பாரை, மண்வெட்டி, பாண்டுச் சட்டி, நீளக் கழியில் கட்டிய இரும்புக் கொக்கி, சிவப்புத் துணி சுற்றிய மூங்கில்கள். இவற்றோடு அரையடிக்கு ஒரு கோடு வீதம் பெயிண்ட் அடித்த ஆறடிக் கழி ஒன்று. மற்றதை மறந்தாலும் அந்தக் கழியை மறக்காதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணிக்கு ஒரு பெண் இருந்தாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் கையில் ஒரு தொலைபேசி, ஒரு புகார்ப் பதிவேடு, சுவரில் ஊரின் தெருப்படம்.

அறிகுறி: தெருவில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலில் இடம் இருக்கிறது

முதல் புகார் 10.50 மணிக்கு மேலத்தெருவிலிருந்து வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கத்து வாய்க்காலில் இன்னும் அரையடி இடம் காலி. இந்த அறிகுறிக்கு அர்த்தம் எளிது. தண்ணீர் தெருவிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கும் துளைகள் மூடியிருக்கின்றன. எங்கள் ஊரில் பெரும்பாலும் வேப்பிலைதான். நனைந்த வேப்பிலை ஒரு பாலித்தீன் பையோடு சேர்ந்துவிட்டால் துளைக்கு முத்திரை வைத்தது போலப் படிந்துகொள்ளும். கொக்கியால் இழுத்தோம். பத்தே நிமிடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பூட்டிய வீடு ஒன்றின் காவல்காரர் திண்ணையிலிருந்து எழுந்து கும்பிடே போட்டார். "மேலத்தெரு முடிந்தது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அந்த இரவின் தவறு அதுதான். வாய்க்காலில் இடம் இருப்பது வேறு, ஓட்டம் இருப்பது வேறு. நான் இடத்தை மட்டும் பார்த்தேன். வழியில் கிடந்த ஒரு காகிதக் குவளையை வாய்க்காலில் போட்டுப் பார்த்திருந்தால் அது நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியிருக்கும். தண்ணீர் ஓடவில்லை, கீழே எங்கோ முட்டிக்கொண்டு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். மேல்துளையைத் திறப்பதற்கு முன் ஒரு தெரு கீழே நடந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். நான் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தேன்.

அறிகுறி: முற்றத்துத் துளையிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது

11.35க்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு. நடுத்தெருவில் ஓர் ஆச்சி வீட்டு முற்றம் நிரம்புகிறதாம். மழை பெய்தால் முற்றம் நிரம்பத்தானே செய்யும் என்று கேட்டேன். "இல்லை அண்ணே. மேலிருந்து விழுகிற தண்ணீர் இல்லையாம். துளைக்குள்ளிருந்து பொங்கி வருகிறது என்கிறார்கள். கருப்பாக இருக்கிறதாம்."

இந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்கியதற்காகவே அவளுக்கு ஒரு தனிப் பாராட்டு தரலாம். முற்றத்தில் தண்ணீர் நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. வீட்டுக்குள் ஓடும் கல் வாய்க்கால் அடைத்திருந்தால், விழுந்த மழை தெளிவாகவே தேங்கி நிற்கும். மழை ஓய்ந்தால் மட்டம் ஏறுவது நின்றுவிடும். தெரு வாய்க்கால் மட்டம் முற்றத்துத் துளையைவிட உயர்ந்துவிட்டால், தெருத் தண்ணீர் பின்னோக்கி வரும். அது கருப்பாகவோ செம்மண் நிறத்திலோ நாற்றத்தோடு வரும், மழை ஓய்ந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். முதலாவது வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது, இரண்டாவது நாம் பார்க்க வேண்டியது. தொலைபேசியில் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதி அலைச்சல் குறையும்: என்ன நிறம், மழை விட்டாலும் ஏறுகிறதா?

நாங்கள் போனபோது ஆச்சி பதற்றமில்லாமல் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "கம்பி விட்டுக் குத்துங்கள் தம்பி" என்றார். செய்யக் கூடாது. பழைய வீடுகளில் அந்த வாய்க்கால் கூடத்துக்கு அடியில் போகிறது. இணைப்புகள் எல்லாம் சுண்ணாம்பு. உள்ளிருந்து இரும்புக் கம்பியால் குத்தினால் கல் பெயர்ந்து, தண்ணீர் தரைக்கு அடியிலேயே இறங்கத் தொடங்கும். பிறகு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எப்போது உள்வாங்கும் என்று காத்திருக்க வேண்டியதுதான். அப்போதைக்குச் செய்யக்கூடியது, நனைத்த சாக்கைத் துளையில் திணித்து மேலே பாரம் வைப்பது. ஆச்சி வீட்டில் அம்மிக் குழவி கிடைத்தது. ஆனால் துளையை மூடினால் கூரைத் தண்ணீருக்கும் வழி இல்லாமல் போகும். ஆகவே முற்றத்தை வாளியால் இறைக்க ஒருவர் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாமல் வந்தால் அரை மணியில் அடுத்த புகார் அதே வீட்டிலிருந்து வரும்.

ஆச்சியின் முற்றத்தில் பொங்கியது நான் மேலத்தெருவில் இறக்கிவிட்ட தண்ணீர் என்று தெருவுக்கு வந்தபோது புரிந்தது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். மேலத்தெருவும் அதைச் சுற்றியுள்ள வீடுகளும் சேர்ந்து 5 ஏக்கர் இருக்கும், அதாவது சுமார் 20,000 சதுர மீட்டர். அலுவலக மாடியில் வைத்திருந்த நேர்ப்பக்கப் பாத்திரத்தில் 10 மணியிலிருந்து 11 மணிக்குள் 40 மில்லிமீட்டர் விழுந்திருந்தது. பெருக்கினால் 8 லட்சம் லிட்டர். மண்ணில் ஊறியது போக மூன்றில் இரண்டு பங்கு வாய்க்காலுக்கு வந்தாலும் ஐந்து லட்சத்துக்கு மேல். அதுவரை தெருவில் பரவலாக, யாருக்கும் பெரிய கெடுதல் இல்லாமல் நின்றிருந்த தண்ணீரை நான் வழி காட்டி ஆச்சி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அறிகுறி: நிறைந்த தெருவுக்குக் கீழே காய்ந்த தெரு

நள்ளிரவுக்குள் ஒன்பது புகார்கள். வந்த நேர வரிசையில் தங்கச்சி வாசித்தாள். நானும் அந்த வரிசையில் ஓடத் தயாராக இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு அவளே சொன்னாள்: "அண்ணே, படத்தில் குறித்துப் பார்த்தேன். ஒன்பதும் கோயில் தெருவுக்கு மேற்கே இருக்கின்றன. ஊருணிக்கரையிலிருந்து ஒன்றுகூட இல்லை. அதுதானே பள்ளம்? அங்கிருந்துதானே முதலில் கூப்பிட வேண்டும்?"

இருபத்திரண்டு வருடமாக வாய்க்காலோடு வாழ்கிறேன். புகார் வராத தெருவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஊருணிக்கரையில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் தேநீர்க் கடைக்கு அவளே தொலைபேசியில் பேசினாள். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அடியில் கொஞ்சம் ஓடுகிறது, செருப்புகூட நனையாது என்றார். மேலே முற்றம் நிரம்புகிற இரவில் கீழே செருப்பு நனையவில்லை என்றால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேறு கணக்கு கிடையாது.

அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் நேரத்துக்கான பத்தியோடு, படத்தில் புள்ளி வைப்பதும் சேர்ந்துகொண்டது. புகார்களை வந்த வரிசையில் எடுக்கக் கூடாது. தண்ணீர் ஓடும் வரிசையில் அடுக்க வேண்டும், அடுக்கிய பிறகு கீழ்க்கோடியிலிருந்து மேலாக வர வேண்டும். மேலத்தெருக்காரர் நான்தானே முதலில் கூப்பிட்டேன் என்று கோபப்படுவார். கோபப்படட்டும். அவரிடம் பேச வேண்டியது கட்டுப்பாட்டு அறை. கொக்கி பிடித்திருப்பவன் அல்ல.

அறிகுறி: சிறுபாலத்தின் ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு

கோயில் தெருவைக் கடக்க வாய்க்கால் ஒரு சிறுபாலத்துக்கு அடியில் இரண்டடிக் குழாயில் போகிறது. கழியை மேற்குப் பக்கம் விட்டேன். இரண்டரை அடி, அதாவது விளிம்பைத் தாண்டி அரையடி. கிழக்குப் பக்கம் மூன்று அங்குலம். எட்டடி அகலச் சாலையின் இரண்டு ஓரங்களுக்கு இடையே இரண்டு அடிக்கு மேல் மட்ட வித்தியாசம். இதைவிடத் தெளிவாக அடைப்பு தன் முகவரியைச் சொல்லாது.

கழி இன்னொன்றும் சொல்லும். மெதுவாக இறக்கினால் முதலில் பஞ்சில் நிற்பது போல நிற்கும். அது மண்ணின் மேல்முகம். அழுத்தினால் இன்னும் இறங்கி, டங்கென்று கல்லைத் தட்டும். அது வாய்க்காலின் தரை. இரண்டு கோடுகளுக்கும் உள்ள தூரம்தான் படிந்த மண். அன்று முக்கால் அடி இருந்தது. எங்கள் செம்மண்ணும் சரளையும் கனமானவை. ஓட்டம் தளரும் இடத்தில், அதாவது வளைவிலும் பாலத்து வாயிலும், முதலில் உட்கார்ந்துகொள்ளும். பாதி உயரம் மண் இருந்தால் பாதித் தண்ணீராவது போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. இடம் குறைவதோடு வேகமும் குறைவதால், எங்கள் இரண்டடி வாய்க்கால் அளவுக்குக் கணக்குப் போட்டால் பத்தில் நான்கு பங்குதான் போகும்.

குழாய் வாயை மறித்திருந்தது மண் மட்டுமல்ல. கொக்கி பட்ட இடம் வழவழவென்று இருந்தது. வாழைமரம். முந்தைய வாரம் நடுத்தெருவில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பல ஊர்களிலிருந்து பங்காளிகள் வந்து, மூன்று நாள் கூடியிருந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் கட்டிய வாழைகளை யாரோ துண்டு போட்டு வாய்க்காலோரம் எறிந்திருக்கிறார்கள். மழை மிச்ச வேலையைச் செய்திருக்கிறது. வாழைத்தண்டு மிதக்கும், நனைந்தால் உப்பும், நார் பிரிந்து தன்னைச் சுற்றி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளும். அடைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நானும் கண்டதில்லை.

இங்கே மூன்று விஷயங்களில் பிடிவாதம் வேண்டும். முதலாவது, தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். கடப்பாரையால் உள்ளே குத்தினால் தண்டு குழாயின் நடுவில் போய் இறுகிவிடும். வாயில் இருந்தவரை கைக்கு எட்டிய அடைப்பு பிறகு யாருக்கும் எட்டாது. இரண்டாவது, மேல்பக்கம் குழாய் வாய்க்கு நேராக யாரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. அடைப்பு விடுபடும் நொடியில் இரண்டடி உயரத் தண்ணீர் மொத்தமாக உள்ளே இழுக்கும், காலையும் சேர்த்து. கீழ்ப்பக்கத்து வாய்க்கு நேராகவும் நிற்கக் கூடாது. கரையில் பக்கவாட்டில் நின்று, கொக்கிக் கழியை இருவர் பிடிக்க வேண்டும். மூன்றாவது, கீழே இருப்பவர்களுக்குச் சொல்லாமல் திறக்கக் கூடாது. மேலத்தெருவில் ஒருமுறை பட்டது போதும்.

"தங்கச்சி, கோயில் தெரு சிறுபாலம். மேற்கே நீர் இரண்டரை அடி, கிழக்கே கால் அடி. மண் முக்கால் அடி. ஓட்டம் இல்லை. திறந்த வாய்க்கால் மூடிப் பலகை இரண்டு. வாழைத்தண்டை எடுக்கப் போகிறோம். ஊருணிக்கரைக்குச் சொல்லிவிட்டு எனக்குச் சொல்." இப்படித்தான் பேச வேண்டும்: இடம், இரு பக்க மட்டம், மண், ஓட்டம், பலகை, வேண்டியது என்ன. "இங்கே ரொம்பத் தண்ணீர்" என்று சொல்வதால் அந்த அறையில் இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தெரிவது படம் மட்டும்தான்.

தேநீர்க் கடைக்காரர் வாய்க்கால் ஓரம் நின்ற இருசக்கர வாகனங்களை நகர்த்தச் செய்துவிட்டுச் சரி என்று சொல்ல ஏழு நிமிடம் ஆனது. அதன் பிறகே முதல் தண்டை இழுத்தோம். ஒரேயடியாக வேண்டாம், ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆறாவது துண்டு வந்ததும் குழாய் உறுமியது. கழியில் மேற்குப் பக்க மட்டம் கண்ணெதிரே ஒரு கோடு இறங்கியது. அப்போது மணி 1.10.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம், அல்லது திடீரென்று நாற்றம் இல்லாமை

ஒன்றரை அடி வரை இறங்கிய மட்டம் அதற்குமேல் இறங்கவில்லை. கிழக்குப் பக்கமும் ஒன்றேகால் அடிக்கு ஏறி அங்கேயே நின்றது. அடைப்பு ஒன்றல்ல, இரண்டு. கோயில் தெருக் கடைகளுக்கு முன்னால் ஒரு நாற்பதடிக்கு வாய்க்காலின் மேல் சிமெண்ட் போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு ஓரத்தில் மட்டும் பலகை. கீழோரப் பலகையை நெம்பியதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது.

கடைக்காரர் ஒருவர் குடையோடு வந்தார். "நாற்பதடிதானே? ஒரு ஆளை உள்ளே விட்டால் ஐந்து நிமிட வேலை. நான் இரண்டாயிரம் தருகிறேன்." என் குழுவில் மூத்தவர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அவருடைய அப்பா செய்த வேலை அது. அவருக்கு அதில் பயம் இல்லை என்பதுதான் எனக்குப் பயம்.

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கழிவு கலந்த மண் காற்றில்லாமல் அழுகும்போது உண்டாவது, காற்றைவிடக் கனமானது, ஆகவே பள்ளத்தில் தங்கும். அளவு கூடும்போது அது முதலில் கெடுப்பது மூக்கை. நாற்றம் போய்விட்டது, இப்போது இறங்கலாம் என்று ஒருவர் சொன்னால், காற்று சுத்தமாகிவிட்டது என்றும் இருக்கலாம், அவர் மூக்கு செத்துவிட்டது என்றும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அந்த வேறுபாடு தெரியாது. மண்ணைக் கிளறும்போது அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். முதல் ஆள் சாய்ந்ததும் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் சாய்வார். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்து வருவது அதனால்தான்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இது மூடிய மழைநீர் வடிகால்தானே, சாக்கடை இல்லையே என்று கடைக்காரர் ஒரு வாதம் வைத்தார். வீட்டுக் கழிவு கலந்து ஓடுகிற மூடிய வாய்க்காலை நான் சாக்கடையாகவே நினைக்கிறேன். அதைப் பிரித்துப் பேச இரவு ஒன்றரை மணி ஏற்ற நேரமும் அல்ல.

"அண்ணே, சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மூத்தவரிடம் சொன்னேன். தங்கச்சியிடம் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வாகனத்தைக் கேட்டேன். பக்கத்து ஊரில் இருக்கிறது, வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றாள். கடைக்காரர் அதற்குள் கட்டுப்பாட்டு அறைக்கே தொலைபேசியில் பேசி என்னைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டார். வாங்கிப் பதிந்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பத்தாவது புகார் உங்கள் மேல்தான் அண்ணே. வாகனம் வரும் வரை யாரும் இறங்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாமா?" எழுதிக்கொள் என்றேன். அந்த வரியில் ஒரு வசதி இருக்கிறது. எழுதிவிட்டால் பிறகு யாரும் இறங்க முடியாது.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. மூடாத பகுதியில் முக்கால் அடி மண்ணை வெட்டிச் சட்டியில் ஏற்றினோம். 2.50க்கு வாகனம் வந்தது. குழாயைக் கீழோரத்துப் பலகையிலிருந்து மேல்நோக்கி விட்டார்கள். அதன் முனையில் பின்பக்கம் பார்த்த துளைகளில் பீறிடும் தண்ணீர்தான் குழாயை முன்னுக்குத் தள்ளுகிறது, அதே தண்ணீர் மண்ணைத் திறந்த பக்கத்துக்கு வாரிக்கொண்டும் வருகிறது. மேலோரத்திலிருந்து விட்டிருந்தால் மண்ணெல்லாம் மேல்பக்கமே வந்து குவிந்திருக்கும். மூன்றாவது முறை இழுத்தபோது ஒரு கிழிந்த சாக்கு, கடைப்பலகைத் துண்டு, பிறகு கருங்குழம்பாக மண். 3.25க்கு ஆச்சி வீட்டிலிருந்து தகவல்: சாக்கை எடுத்துவிட்டார்களாம், முற்றத்துத் தண்ணீர் சுழித்து இறங்குகிறதாம்.

அன்று வராத இரண்டு அறிகுறிகள்

பாலத்தின் இரு பக்கமும் ஒரே மட்டம், இரண்டும் நிறைவு என்றால் அங்கே குத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. கடைமுனை நிறைந்திருக்கிறது. வாய்க்கால் போய்ச் சேரும் கண்மாயோ ஊருணியோ மறுகால் பாய்கிறதா என்று போய்ப் பாருங்கள். மறுகால் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதை எடுக்கலாம். அதுவும் இல்லை என்றால் தண்ணீர் போக இடமே இல்லை. பம்பு வைத்து இறைப்பதும் தாழ்ந்த வீட்டுக்காரர்களை நகர்த்துவதும்தான் மிச்சம். அதைக் கட்டுப்பாட்டு அறை முடிவு செய்ய வேண்டும், சீக்கிரம்.

தண்ணீரில் நிற்கும் மின்கம்பம் முனகினாலோ, காலில் கூச்சம் தெரிந்தாலோ வேலை நிற்கிறது. மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டித்ததாக அவர்கள் சொன்னதைக் கட்டுப்பாட்டு அறை நமக்குத் திரும்பச் சொல்லும் வரை அந்தத் தண்ணீரில் கால் வைப்பதில்லை. தெருவிளக்கு அணைந்திருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: கணக்கு உதைக்கிறது

4 மணிக்கு எல்லோருக்கும் கை விறைத்துவிட்டது. வேலை முடிந்தது, பதிவை மூடிவிடு என்றேன். மூடமாட்டேன் என்றாள்.

"திறந்த பலகை ஏழு என்று சொல்லியிருக்கிறீர்கள். மூடியது ஆறுதான் வந்திருக்கிறது."

தப்பாக எண்ணியிருப்பாய் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மழை இரவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அடைப்பு அல்ல, அடைப்பெடுக்கத் திறந்துவிட்டு மறந்த பலகைதான். மேலே அரையடித் தண்ணீர் நின்றால் திறந்த குழியும் தெருவும் ஒரே மாதிரி தெரியும். ஒவ்வொரு பலகைக்கும் அருகில் சிவப்புத் துணி மூங்கில் நடுவது அதற்காகத்தான். மூங்கிலையும் சில சமயம் தண்ணீர் கொண்டுபோய்விடும். அதனால்தான் எண்ணிக்கை இன்னொருவர் கையில் இருக்க வேண்டும், அவர் நனையாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஆட்டோவைத் திருப்பினோம். கோயில் தெருவில் எல்லாம் மூடியிருந்தது. நடுத்தெருவிலும் மூடியிருந்தது. மேலத்தெருவில், முதல் புகாருக்குத் துளைகளைச் சுத்தம் செய்தபோது, உள்ளே எட்டிப் பார்க்க ஒரு பலகையை நகர்த்தியிருந்தோம். பத்து நிமிட வேலை என்பதால் மூங்கிலும் நடவில்லை. தண்ணீர் வடிந்துவிட்டதால் குழி இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒன்றரை அடிக்கு இரண்டடி. அதற்கு நேர் எதிரே காவல்காரர் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்புகள் குழியிலிருந்து மூன்றடி தள்ளிக் கிடந்தன.

இருவர் கடப்பாரையால் நெம்பி, அடியில் கட்டை கொடுத்து, விரல் வைக்காமல் பலகையை உட்கார வைத்தார்கள். "ஏழு தங்கச்சி" என்றேன். "ஏழு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிவை மூடினாள்.

அள்ளிய மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்க்கால் ஓரத்தில் குவித்தால் அடுத்த மழைக்கு அதே மண் அதே இடத்துக்குப் போகும். இரவே ஏற்ற முடியாவிட்டால் சரிவுக்கு எதிர்ப்பக்கம், வாய்க்காலிலிருந்து குறைந்தது நான்கடி தள்ளிக் குவித்து, எத்தனை குவியல், யார் வாசலில் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட வேண்டும். அன்று எங்கள் ஆட்டோ இரண்டு நடை அடித்தது. மூன்றாவது நடைக்கான மண்ணையும் வாழைத்தண்டுகளையும் கோயில் தெருவில் வைத்துவிட்டு, காலைக் குழு எடுக்கும் என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனோம்.

6.20க்குத் தங்கச்சி பணி முடியும் நேரத்தில் பதினோராவது புகாரை எழுதியிருக்கிறாள். என் கடைக்கு முன்னால் யாரோ வாழைத்தண்டையும் சகதியையும் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், உடனே அகற்ற வேண்டும். புகார் கொடுத்தவர், குடையோடு வந்தவர்தான்.